அல்வால சீனி யாரு போட்டா? அஞ்சாங்கிளாஸ் பிள்ளையளுக்கு ஒளிச்சேர்க்கை சொல்லிக் குடுக்க ஐடியா வேணும்

டீச்சரக்கா:
நான் அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு ஸ்கூல்ல அஞ்சாங்கிளாஸ் எடுக்கேன். இந்த வாரம் ஒளிச்சேர்க்கை. புக்ல உள்ளத அப்படியே வாசிச்சா பிள்ளைய கொட்டாவி விடும்னு நம்ம ஊரு அல்வாவ வச்சு ஆரம்பிச்சேன். இலைதான் அல்வாக் கடை அடுக்களை, வேரு தண்ணி தூக்கிட்டு வார ஆளு, காத்துல உள்ள கார்பன் டை ஆக்சைடு கோதுமப் பாலு, வெயிலு அடுப்பு, எறக்குத அல்வாதான் செடியோட சாப்பாடுன்னு போர்டுல படமெல்லாம் போட்டு நல்லாத்தான் போய்ட்டு இருந்துச்சு. கடைசி பெஞ்சுல ஒரு பய எந்திச்சு, "டீச்சர், அல்வா இனிக்கணும்னா சீனி போடணும்லா, இலைக்குள்ள சீனி யாரு போட்டா?"ன்னு கேட்டுட்டான். எனக்கு பதிலே வரல. ஒருத்தி உடனே "மண்ணுல இருந்து வேரு உறிஞ்சும் டீச்சர், அதுக்குத்தான உரம் போடுதாவ"ன்னா, மொத்த கிளாஸும் ஆமா ஆமான்னு கத்திட்டு. நல்லவேள பெல்லடிச்சிட்டாங்க. திங்கக்கெழம இத சரி பண்ணணும். வேற நல்ல உவமை இருந்தா சொல்லுங்க, பத்து வயசுக்குப் புரியணும், கடைசில சின்னதா ஒரு குவிஸும் வைக்கணும்.

நெல்லை டூ ஓசூர்:
மொதல்ல அந்தப் பயலுக்கு கால் கிலோ அல்வா வாங்கிக் குடுங்க டீச்சர். என்னக் கேட்டா இலைய சோலார் பேனல்னு சொல்லிட்டுப் போயிருவேன், எங்க வீட்டு மாடில நாலு கெடக்கு, வெயிலடிச்சா கரண்டு, ராத்திரி ஒண்ணும் கெடையாது. முடிஞ்சு.

பனங்காட்டான்:
சோலாரும் வேண்டாம் அல்வாவும் வேண்டாம். நம்ம பக்கத்துப் பிள்ளையளுக்கு கருப்பட்டி தெரியும்லா. எங்கப்பா பனையேறினவரு, நான் கருப்பட்டி காய்ச்சுத விடிலில கெடந்து வளந்தவன். தாச்சில பதனிய ஊத்தி அடுப்பு மூட்டி துடுப்பு போட்டுக் கிண்டக் கிண்ட தண்ணி மாதிரி இருந்தது கூப்பனியாகி, செரட்டைல ஊத்துனா கருப்பட்டி. தண்ணி, தீ, இனிப்பு, மூணும் இருக்கு. தாச்சிதான் இலை, தீதான் வெயிலு, கருப்பட்டிதான் செடி செய்யுத சர்க்கரை. சீனி யாரும் போட வேண்டாம். அந்தப் பய வாயத் தெறக்க மாட்டான்.

பாட்டனி ஐயா:
டீச்சரம்மா, 30 வருசம் காலேஜ்ல இதத்தான் எடுத்தேன், அதனால கொஞ்சம் நீட்டிச் சொல்லுதேன், பொறுத்துக்கிடுங்க.

அந்தப் பையன் கேட்டதுதான் இந்தப் பாடத்துலயே நல்ல கேள்வி. அல்வால நம்ம இனிப்ப இன்னொரு இடத்துல இருந்து எடுத்துப் போடுதோம். இலைல யாரும் போடல. இனிப்பே இல்லாத ரெண்டு சாமான், தண்ணியும் கார்பன் டை ஆக்சைடும், இத ரெண்டையும் பிரிச்சு வேற மாதிரி கோத்து சர்க்கரையா ஆக்குது. நாம சமைக்கும்போது இருக்குதத வேக வைக்கோம், கலக்கோம், அவ்வளவுதான். இலை இல்லாதத உண்டாக்குது.

பனங்காட்டான் தம்பி, நீங்க சொன்னதுலயும் அதே ஓட்டை இருக்கு. பதனி அடுப்புல ஏறுததுக்கு முந்தியே இனிக்கும்லா? பத்துல ஒரு பங்குக்கு மேல அதுல இனிப்பு ஏற்கனவே கெடக்கு. தீ போடுத வேலை தண்ணிய வெரட்டுததும் கொஞ்சம் நெறத்த மாத்துததும்தான். அப்போ பையன் அடுத்து "பதனில இனிப்பு யாரு போட்டா"ன்னு கேப்பான்.

சோலார் பேனல் வெயில புடிக்குங்கிறது சரிதான். ஆனா அதுக்குள்ள சாமான் ஒண்ணும் போகவும் இல்ல, வெளிய வரவும் இல்ல. ஒரு பேனலு பத்து வருசம் கழிச்சுப் பாத்தா பெரிய பேனலா வளந்து நிக்காதுலா.

பனங்காட்டான்:
இது வம்பால்லா இருக்கு ஐயா. சரி, ஒத்துக்கிடுதேன். பாளைல இருந்து சொட்டும்போதே தித்திப்புதான், நாங்க சின்னப்புள்ளைல கலயத்துக்கு அடில வாயக் குடுத்துட்டு நிப்போம். அப்போ அந்த இனிப்பு பாளைக்கு எங்க இருந்து வந்துச்சு?

பாட்டனி ஐயா:
தலைக்கு மேல நிக்கிற ஓலைல இருந்து. அங்கதான் அடுக்களை. டீச்சரம்மா, இதையே உவமையா வச்சுக்கிடலாமே. கருப்பட்டி காய்ச்சுததத் தலைகீழாத் திருப்புங்க. விடிலில நடக்கது சமையல் இல்ல, பார்சலப் பிரிக்கது. நெசமான சமையல் மரத்து உச்சில ஏற்கனவே முடிஞ்சு போச்சு.

பிள்ளையட்ட இப்படிச் சொல்லுங்க. பனமரத்து உச்சில ஒரு அடுக்களை இருக்கு, அது ஓலை. தண்ணி கீழ இருந்து வேரு வழியா ஏறி வருது. ஓலைல கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன ஜன்னல் இருக்கு, அது வழியா காத்து உள்ள போகுது. அந்தக் காத்துல பத்தாயிரம் படிக்கு நாலு படிதான் நமக்கு வேண்டிய கார்பன் டை ஆக்சைடு, அதப் பொறுக்கி எடுக்குது. அடுப்புக்குத் தீ மேல இருந்து வருது, அதான் வெயிலோட வெளிச்சம். அந்தத் தீய வாங்குத அடுப்பு பச்சையம், அதனாலதான் இலை பச்சையா இருக்கு. செஞ்ச சாப்பாடு சர்க்கரை. மிச்சமா ஜன்னல் வழியா வெளிய போறது ஆக்சிஜன். சர்க்கரைய தண்ணில கரைச்சு மரம் முழுக்க பார்சல் அனுப்புது, பாளைக்குப் போற பார்சலத்தான் நாம நடு வழில மறிச்சு கலயத்துல புடிக்கோம்.

மாடித்தோட்டம் செல்வி:
நல்ல இழை. எனக்கு ஒரு சந்தேகம், எங்க மாடில கறிவேப்பிலை தொட்டில இருக்கு, புதுசா வார கொழுந்து எல்லாம் வெளிறிப் போயி நரம்பு மட்டும் பச்சையா இருக்கு. அப்போ என் செடில அடுப்பே இல்லையா? உரம் நெறையப் போட்டா சாப்பாடு கெடைக்குமா?

பாட்டனி ஐயா:
செல்வி, உரம் சாப்பாடு இல்ல, அடுக்களைல உப்பு மாதிரி. கொஞ்சம் வேணும், அது இல்லாம சமையல் நடக்காது, ஆனா உப்ப மட்டும் தின்னு யாரும் வளர முடியாது. டீச்சர் கிளாஸ்ல அந்தப் பொண்ணு சொன்னதுக்கும் இதுதான் பதிலு. கொழுந்துல நரம்பு மட்டும் பச்சையா நின்னா பெரும்பாலும் இரும்புச்சத்து கெடைக்கல, இரும்பு இல்லாட்டா பச்சையம் சரியா உருவாகாது. மண்ணுல சுண்ணாம்பு கூடிப் போனாலும் வேரால இரும்ப எடுக்க முடியாது. அடி இலை மஞ்சளாகி இருந்தா அது வேற கதை, அதத் தனி இழைல கேளுங்க.

கல்லிடை அப்பளம்:
எங்க ஆச்சி புளிச்ச மோர ஊத்துவா கறிவேப்பிலைக்கு. சும்மா சொல்லி வச்சேன்.

நெல்லை டூ ஓசூர்:
அய்யா ஒரு டவுட்டு. பகல்ல ஆக்சிஜன் விடும், ராத்திரி கார்பன் டை ஆக்சைடு விடும், அதான் புளியமரத்துக்கு அடில ராத்திரி படுக்கப்பிடாதுன்னு எங்க தாத்தா சொல்லுவாரு, பேய் அடிக்கும்பாரு. அப்போ பகல்ல ஒளிச்சேர்க்கை, ராத்திரி மூச்சு, ரெண்டு ஷிப்ட்டு. சரிதான?

பாட்டனி ஐயா:
பாதி சரி. சமையல் பகல் ஷிப்ட்டுதான். ஆனா மூச்சுக்கு ஷிப்ட்டு கெடையாது, செடி பகலும் மூச்சு விடும் ராத்திரியும் விடும். பகல்ல சமையல் வேகம் ரொம்பக் கூட, அதனால செடி மூச்சுல விடுத கார்பன் டை ஆக்சைடையும் அடுக்களையே எடுத்துக்கிடும், வெளிய தெரியாது. புளியமரத்துக்கடில தெறந்த வெளில அந்தக் காத்து கலஞ்சு போயிரும், யாரும் மூச்சு முட்டிச் சாக மாட்டாங்க. பேயப் பத்தி நான் ஒண்ணும் சொல்லல.

கல்லிடை அப்பளம்:
அப்போ சித்திரை மாசம் நம்ம ஊரு உச்சி வெயில்லதான் மரம் டன் கணக்குல சமைக்கும்னு சொல்லுங்க.

பாட்டனி ஐயா:
அங்கதான் உவமை காலை வாரும். தீ கூடுனா சமையல் கூடும்னு நெனப்போம். ஆனா அனலடிக்கும்போது ஜன்னலத் தெறந்து வச்சா உள்ள இருக்குத தண்ணி ஆவியாப் போயிரும். அதனால நெறைய செடி உச்சி வெயில்ல ஜன்னலப் பாதி சாத்திரும். ஜன்னல சாத்துனா கார்பன் டை ஆக்சைடும் உள்ள வராது, வெயிலு எம்புட்டு அடிச்சாலும் சமையல் படுத்துரும். காலைலதான் அதுகளுக்கு நல்ல வேள.

டீச்சரக்கா:
ஐயா, எனக்கே இப்பதான் தெளிவா வெளங்குது. ஒண்ணு மட்டும் கேக்கேன். "மண்ணுல இருந்துதான் மரம் வளருது"ங்கிறத எப்படி ஒடைக்கது? நான் காத்துல இருந்து வருதுன்னு சொன்னா நம்ப மாட்டாவ. காத்துக்கு வெயிட்டே இல்லன்னு சொல்லுவாவ.

பாட்டனி ஐயா:
அதுக்கு பழைய கதை ஒண்ணு இருக்கு. பெல்ஜியம் பக்கத்துல வான் ஹெல்மான்ட்னு ஒருத்தர். காயவச்ச மண்ணு 200 பவுண்டு எடை போட்டு ஒரு தொட்டில போட்டாரு. அதுல 5 பவுண்டு எடையுள்ள வில்லோக் கன்ன நட்டாரு. அஞ்சு வருசம் தண்ணி மட்டுந்தான் ஊத்துனாரு. கடைசில மரத்தப் பிடுங்கி எடை போட்டா 169 பவுண்டு சொச்சம். மண்ணத் திரும்பக் காயவச்சு எடை போட்டா 2 அவுன்ஸு கொறைஞ்சிருக்கு, நம்ம கணக்குல ஒரு 60 கிராம் கூட வராது. அவரு செத்தப்புறம் 1648ல இது புத்தகமா வந்துச்சு. மண்ணு இல்லன்னு அழகாக் காட்டிட்டாரு. ஆனா பாவம், எல்லாம் தண்ணில இருந்து வந்துச்சுன்னு முடிவு பண்ணிட்டாரு, காத்த மறந்துட்டாரு. பிள்ளையட்ட "இவரு எத விட்டுட்டாரு?"ன்னு கேளுங்க, அவியளே சொல்லுவாவ.

பனங்காட்டான்:
ஐயா, எனக்கு ஒண்ணு தோணுது. விடிலில அடுப்பு எரிக்க காஞ்ச பன மட்டை, சில்லாட்டைதான் போடுவோம். அந்த மட்டையும் மரம் செஞ்சதுதான. அப்போ அந்தத் தீ?

பாட்டனி ஐயா:
தம்பி, அருமையாக் கேட்டீங்க. அந்தத் தீ பழைய வெயிலு. சர்க்கரை செய்யும்போது வெயிலோட சக்தி அதுக்குள்ள பூட்டிக் கெடக்கு, மரம் அந்தச் சர்க்கரையக் கோத்துக் கோத்துத்தான் மட்டையும் கட்டையும் கட்டுது. எரிக்கும்போது பூட்டுத் தெறக்குது. வீட்டு அடுக்களைல தீ சோத்துக்குள்ள தங்காது, ஆனா இலையோட அடுக்களைல தீ சாப்பாட்டுக்குள்ளயே தங்குது. டீச்சரம்மா, இத கண்டிப்பா சொல்லுங்க.

டீச்சரக்கா:
(ஒரு வாரம் கழிச்சு) வந்துட்டேன். பனை அடுக்களை நல்லாவே எடுபட்டுச்சு. ஒரு துண்டு கருப்பட்டியக் கைல குடுத்து "இத செஞ்சது யாரு?"ன்னு கேட்டேன், மொதல்ல எல்லாம் கடைக்காரரு, பனையேறின்னுச்சு, அப்புறம் ஒருத்தி "ஓலை"ன்னா. வில்லோ மரத்துக் கதைக்கு அந்தக் கடைசி பெஞ்சுப் பய "அவரு மூச்சு விட்டுக்கிட்டேதான் எடை போட்டிருப்பாரு, அப்பக்கூட காத்து ஞாவகம் வரலையா"ன்னான்.

ஆனா சோதனைல சொதப்பிட்டேன். செம்பருத்தி இலைல காலைல கருப்புத் தாள ஒரு பட்டையா ஒட்டி, சாயங்காலம் பறிச்சு, தண்ணில ஒரு நிமிசம் போட்டு எடுத்து, ஸ்பிரிட்டுல பச்சைய எறக்கி, அயோடின் விட்டேன். தாள் இருந்த எடத்துல நெறம் மாறாது, மத்த எடம் கருநீலமா வரும்னு பிள்ளையட்ட பந்தயம் கட்டிட்டேன். மொத்த இலையும் கருநீலம். "டீச்சர், இருட்டுலயும் சமைக்குது"ன்னு கைதட்டுதாவ. மானம் போச்சு.

பாட்டனி ஐயா:
நேத்து சமைச்ச சோறு இன்னும் பானைல இருந்திருக்கு, அதான் விஷயம். இலை சர்க்கரைய மாவுச்சத்தா மாத்தி சேத்து வைக்கும், அயோடின் காட்டுதது அந்த மாவுச்சத்தத்தான். மொதல்ல தொட்டிச் செடிய ரெண்டு நாளு இருட்டு ரூம்ல வைங்க, பழைய சோற மரம் தின்னு தீத்துரும். அதுக்கப்புறம் தாள ஒட்டி ஒரு பகல் முழுக்க வெயில்ல வச்சு சோதிங்க. ஒட்டும்போது இலையோட ரெண்டு பக்கமும் மூடுங்க. இன்னொண்ணு, ஸ்பிரிட்ட நேரா அடுப்புல வச்சிராதீங்க, குப்புன்னு பத்திக்கிடும். தண்ணியக் கொதிக்க வச்சு எறக்கி, தீயை அணைச்சிட்டு, அந்தச் சுடுதண்ணிக்குள்ள ஸ்பிரிட்டு டம்ளர வைங்க. பிள்ளைய தள்ளி நிக்கட்டும்.

நெல்லை டூ ஓசூர்:
எம் பொண்ணுக்கு குளத்துப் பாசிய கண்ணாடி டம்ளர்ல போட்டு வெயில்ல வச்சுக் காட்டுனேன், முட்டை முட்டையா ஆக்சிஜன் வந்துச்சு. ஆனா பக்கத்துல சும்மா தண்ணி வச்ச டம்ளர்லயும் முட்டை வந்துச்சே, அது எப்படி?

பாட்டனி ஐயா:
சும்மா தண்ணி வெயில்ல சூடானாலே அதுல கரைஞ்சு கெடக்க காத்து வெளிய வந்து டம்ளர் ஓரத்துல ஒட்டிக்கிடும். அது ஒளிச்சேர்க்கை இல்ல. பாசித் தண்ட கத்தியால வெட்டி வெட்டுன பக்கம் மேல இருக்க மாதிரி போடுங்க. அந்த வாயில இருந்து வரிசையா ஒண்ணு பின்னால ஒண்ணா முட்டை வந்தா அதான் நீங்க தேடுதது. டம்ளர நெழலுக்குக் கொண்டு போனா வரிசை மெதுவாகணும். ஒரு சிட்டிகை ஆப்ப சோடா போட்டா வேகம் கூடும்.

கல்லிடை அப்பளம்:
எனக்கு ஒரு ஆட்சேபணை. ஐயா பச்சையத்த அடுப்புன்னு சொன்னாரு, டீச்சர் புக்ல சமையல்காரர்னு போட்டிருக்கும்னு நெனைக்கேன். எது சரி? அதோட ஆக்சிஜன "மிச்சம்"னு சொன்னா பிள்ளைய குப்பைன்னு நெனைக்கும்.

பாட்டனி ஐயா:
பச்சையம் வெளிச்சத்தப் புடிச்சு சக்தியக் கைமாத்துது. கார்பன் டை ஆக்சைடக் கோத்து சர்க்கரை கட்டுத வேலையச் செய்யுதது இலைக்குள்ள வேற ஆளுங்க. அதனால எனக்கு அடுப்புன்னு சொல்லத்தான் இஷ்டம். ஆக்சிஜன் செடிக்கு மிச்சம்தான், நமக்குத்தான் அது உசுரு. மாட்டுக்குச் சாணி மிச்சம், நமக்கு எரு.

கல்லிடை அப்பளம்:
அடுப்பு தானா சமைக்காதுலா ஐயா. சமையல்காரருன்னா பிள்ளைக்கு ஒரு ஆளு கண்ணுல நிக்கும். நான் விட மாட்டேன்.

டீச்சரக்கா:
ரெண்டு பேரும் அப்புறம் சண்ட போடுங்க. குவிஸ் இதுதான், மனப்பாடம் பண்ணுன பதிலு எடுபடாத மாதிரி வச்சிருக்கேன். பாத்துச் சொல்லுங்க.

1. நூறு கிலோ காஞ்ச வேப்பங்கட்டை. அதுல பெரும்பங்கு எங்க இருந்து வந்துச்சு? (அ) மண்ணு (ஆ) காத்தும் தண்ணியும் (இ) வெயிலு (ஈ) உரம்.

2. ராத்திரி பனை ஓலைல எது நிக்கும், எது நிக்காது: சமையலா, மூச்சா?

3. டீச்சரோட செம்பருத்தி இலை ஏன் முழுக்கக் கருநீலமாச்சு? இருட்டுல சமைச்சதாலயா?

4. சிவப்புத் தண்டுக்கீரை இலை பச்சையா இல்லையே, அது பட்டினியா கெடக்கா?

5. பனங்கிழங்கு மண்ணுக்குள்ளயே இருக்கு, ஒருநாளும் வெயில் படல. அதுல உள்ள மாவு எங்க சமைச்சது?

6. நம்ம அடுக்களைக் கதை எந்த எடத்துல பொய் சொல்லுது? ஒண்ணு எழுது.

மாடித்தோட்டம் செல்வி:
மூணாவதுக்கு நானும் தப்பாத்தான் சொல்லிருப்பேன். ஒண்ணாவதுக்கு வெயிலுன்னு போட்டா தப்பா?

பாட்டனி ஐயா:
தப்பு, ஆனா யோசிச்சுப் போட்ட தப்பு. வெயிலு சக்தி மட்டுந்தான், அத தராசுல வைக்க முடியாது. எடை குடுக்கது காத்தும் தண்ணியும், பதில் ஆ. நாலாவதுல சிவப்புச் சாயத்துக்கு அடில பச்சையம் ஒளிஞ்சு கெடக்கு, அதனால பட்டினி இல்ல. அஞ்சாவது கேள்வி எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு, பனங்கொட்டைக்குள்ள தாய் மரம் கட்டிக் குடுத்த சோறுதான் முளைக்கும்போது கிழங்குல எறங்குது. அப்போ சமைச்சது தாய் மரத்து ஓலை, அதுவும் கொட்டை விழுததுக்கு முந்தியே.

டீச்சரக்கா:
பேப்பர் திருத்தியாச்சு. 31 பேர்ல ஒண்ணாவதுக்கு இன்னும் ஒம்பது பேரு மண்ணுன்னுதான் போட்டிருக்காவ, அது ஒரே நாள்ல போகாது போல. ரெண்டாவத நெறையப் பேரு சரியாப் போட்டுட்டாவ. அஞ்சாவதுக்கு ஒருத்தி "அம்மா டிபன் பாக்ஸ்ல கட்டிக் குடுத்த மாதிரி"ன்னு எழுதிருக்கா, நான் சொல்லிக் குடுக்கல. ஆறாவதுக்குப் பலவிதம். "நம்ம அடுக்களைல தீ அணைஞ்சுரும், இலைல தீ கருப்பட்டிக்குள்ள இருக்கும்"னு ரெண்டு பேரு. கடைசி பெஞ்சுப் பய எழுதினது: "அல்வாக் கடைல சமைக்கவரு விப்பாரு. மரம் தனக்குத்தான் சமைக்கி. நாமதான் கலயத்தக் கட்டித் திருடுதோம்."

பனங்காட்டான்:
எலேய், அது திருட்டு இல்ல, தொழிலு. டீச்சர், சீசன் ஆரம்பிச்சதும் ரெண்டு கலயம் பதனி குடுத்து விடுதேன், பிள்ளைய காய்ச்சுததுக்கு முந்தி ஒருக்கா குடிச்சுப் பாக்கட்டும். ஒண்ணு சுண்ணாம்பு தடவுன கலயம். இன்னொண்ணுல தடவாம வைக்கேன், அது புளிச்சு நொரைக்கதக் காட்டத்தான். தயவுசெஞ்சு அத யாரு கைலயும் குடுத்துராதீங்க.